டெல்டா அரிசி ஆலையும் மூலதனச் செலவும்: கடனையும் பங்குப் பணத்தையும் கலக்கும் கணக்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடி, நீடாமங்கலம், கும்பகோணம் வட்டாரத்தில் பிரைவேட் லிமிடெட்டாக நடக்கும் ஒரு நவீன அரிசி ஆலையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக நாங்கள் வைத்தவை. உங்கள் ஆலையின் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம். இந்த ஆலை 2 கோடி ரூபாயில் நெல் உலர்த்தும் டிரையர் போட நினைக்கிறது. டிரையர் 8 ஆண்டுகள் ஓடும், வரி போக ஆண்டுக்கு 40 லட்சம் கூடுதலாகக் கையில் நிற்கும் என்பது முதலாளிகளின் மதிப்பீடு. அந்த 40 லட்சத்தை எந்த சதவீதத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்பதுதான் கேள்வி. அந்தச் சதவீதத்துக்கு மூலதனத்தின் எடையிட்ட சராசரிச் செலவு என்று பெயர். ஆங்கிலத்தில் WACC, சுருக்கமாக ‘வாக்’ என்பார்கள்.

பேங்க் வட்டி 10% தானே? அதுக்கு மேல வருமானம் வந்தா டிரையர் போட்டுட வேண்டியதுதானே?

வங்கி 10%-க்குக் கடன் கொடுப்பது டிரையரை நம்பி அல்ல. ஆலையின் இடம், கட்டடம், கிடங்கில் இருக்கும் நெல், இயக்குநர்கள் போட்டிருக்கும் சொந்தப் பணம் இவ்வளவும் முட்டுக்கொடுத்து நிற்பதால்தான் அந்த விலைக்குக் கடன் கிடைக்கிறது. நஷ்டம் வந்தால் முதலில் கரைவது சொந்தப் பணம், கடைசியில்தான் வங்கியின் பணம். அப்படி முன்னால் நின்று அடிவாங்கும் பணத்துக்கும் ஒரு விலை உண்டு. அது வங்கி வட்டியைவிட அதிகம்.

ஆகவே இரண்டு பணத்தின் விலையையும் அவை ஆலையில் இருக்கும் பங்குக்கு ஏற்பக் கலக்க வேண்டும்:

```
WACC = (E/V) × Re + (D/V) × Rd × (1 − t)
```

E பங்குப் பணத்தின் மதிப்பு, D வட்டி கட்டும் கடன், V இரண்டின் கூட்டுத்தொகை. Re பங்குப் பணத்தின் செலவு, Rd கடனின் செலவு, t வரி விகிதம்.

பங்குப் பணத்துக்கு நாங்க யாருக்கும் வட்டி கட்டலையே, அதுக்கு ஏது செலவு?

காசோலை எழுதாததால் செலவு இல்லை என்று ஆகிவிடாது. ஆலையில் கிடக்கும் பணம் வெளியே வந்தால் எங்கே போயிருக்கும், அங்கே என்ன கிடைத்திருக்கும் என்பதுதான் அதன் செலவு. ஒப்பிடும்போது ஆபத்தும் ஒத்த அளவில் இருக்க வேண்டும். வங்கி டெபாசிட்டோடு ஒப்பிடுவது தவறு. டெபாசிட் பணம் நெல் விலை சரிந்தால் குறையாது. இன்னொருவரின் அரிசி ஆலையில் பங்குதாரராகச் சேர 2 கோடி கேட்டால் நீங்கள் எத்தனை சதவீதம் எதிர்பார்ப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். யாரும் 10%-க்கு ஒப்புக்கொள்வதில்லை.

கடன் பக்கம் எந்த வட்டியை எடுக்கறது? சாங்ஷன் லெட்டர்ல போட்டிருக்கறதா?

அதிலிருந்து தொடங்கலாம், அதோடு நிற்கக்கூடாது. நமது ஆலைக்கு 4 கோடி டெர்ம் லோன் இருக்கிறது, வட்டி 10%. எடுக்கும்போதே ஒரு சதவீதம் பரிசீலனைக் கட்டணமும் அதன் மேல் 18% ஜிஎஸ்டியும் கட்டியாயிற்று. ஐந்தாண்டு தவணைக் கடனில் அசல் மாதாமாதம் குறைவதால், சராசரியாக ஒரு ரூபாய் உங்களிடம் இருப்பது இரண்டரை ஆண்டுதான். எனவே 1.18% கட்டணத்தை இரண்டரை ஆண்டுக்குப் பரப்பினால் வட்டியோடு ஏறத்தாழ அரை சதவீதம் கூடும். டெர்ம் லோனின் உண்மையான விலை 10.5%. கேஷ் கிரெடிட் 9.5%. இரண்டும் 4 கோடி, 4 கோடி என்று இருப்பதால் (கேஷ் கிரெடிட் ஏன் 4 கோடி என்பது அடுத்த கேள்வியில்) சராசரி 10%.

வட்டி வரிக்கு முன் கழியும் செலவு, அதனால் அதில் ஒரு பகுதியை வரிச்சேமிப்பு தாங்குகிறது. 2019-இல் வந்த 22% விகிதத்தைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்கு, 10% சர்சார்ஜும் 4% செஸ்ஸும் சேர்த்தால் வரி 25.168%. ஆகவே 10 × (1 − 0.25168) = 7.48%.

இந்தக் குறைப்பு ஆலை லாபத்தில் இருந்து வரி கட்டும்போதுதான் கிடைக்கும். பழைய நஷ்டத்தைச் சுமந்துகொண்டு வரியே கட்டாத ஆலைக்கு, அந்த நஷ்டம் தீரும்வரை கடன் செலவு 10%-தான்.

ஆடிட்டர் கொடுத்த மார்ச் 31 பேலன்ஸ் ஷீட்ல கேஷ் கிரெடிட் 9 கோடி நிக்குது. அதை அப்படியே போடலாமா?

கூடாது. டெல்டா ஆலைகளின் வாக் பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான் கெடுகிறது.

சம்பாவும் தாளடியும் தை, மாசியில் அறுவடையாகி வருகின்றன. ஆண்டுக்கு வேண்டிய நெல்லை அந்தச் சில வாரங்களில் வாங்கிக் கிடங்கில் அடுக்குகிறோம். இருப்பு ஏறினால் அதன் பேரில் வங்கி எடுக்க விடும் தொகையான டிராயிங் பவர் ஏறும், கேஷ் கிரெடிட்டும் எல்லையைத் தொடும். நிதியாண்டு முடியும் மார்ச் 31 சரியாக அந்த உச்சத்தில் வந்து விழுகிறது. பிறகு அரைத்து விற்க விற்கக் கணக்கு இறங்கும். குறுவை அறுவடைக்கு முன் ஆண்டின் அடிமட்டத்தில் கிடக்கும். ஆண்டில் ஒரே ஒரு நாளைப் பார்த்து ‘இந்த ஆலை 9 கோடி கடனில் நடக்கிறது’ என்று சொன்னால், மலிவான பணத்தின் எடையைக் கூட்டிச் சொன்னதாகிவிடும். வாக் குறைவாக வந்து நிற்கும்.

வேண்டியது ஆண்டுச் சராசரி. அதற்கு 365 நாள் இருப்பையும் கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம். கேஷ் கிரெடிட்டுக்கு அன்றாட இருப்பின் மேல்தான் வட்டி போடுகிறார்கள். எனவே ஸ்டேட்மென்ட்டில் 12 மாத வட்டிப் பற்றுகளைக் கூட்டி, வட்டி விகிதத்தால் வகுத்தால் சராசரி இருப்பு தானே வந்துவிடும். நமது ஆலை ஓராண்டில் கட்டிய வட்டி 38 லட்சம், விகிதம் 9.5%:

```
38,00,000 ÷ 0.095 = 4,00,00,000
```

9 கோடி அல்ல, 4 கோடி. கூட்டும்போது அபராதக் கட்டணம், ஆய்வுக் கட்டணம், இன்சூரன்ஸ் பற்று ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சராசரி வீங்கும். ரெப்போ மாறியதால் நடு ஆண்டில் விகிதம் மாறியிருந்தால், மாறுவதற்கு முன், பின் என்று வட்டியை இரண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதனதன் ஆண்டு விகிதத்தால் வகுத்து, இரண்டையும் கூட்ட வேண்டும்.

கேஷ் கிரெடிட் குறுகிய காலக் கடன், அதை வாக்கில் சேர்க்கவே கூடாது என்று சிலர் சொல்வார்கள். ஆண்டுதோறும் புதுப்பித்து, பூஜ்ஜியத்துக்கே இறங்காமல் ஓடும் கணக்கு பெயரளவில்தான் குறுகிய காலம். அதைச் சேர்ப்பதுதான் சரி. நெல் வியாபாரிக்குத் தர வேண்டிய பாக்கியைச் சேர்க்க வேண்டாம். தவணை கொடுத்ததற்கான விலையை அவர் நெல் விலையிலேயே ஏற்றிவிட்டார். அது உங்கள் கொள்முதல் செலவில் ஏற்கெனவே இருக்கிறது.

பங்கு முதலும் ரிசர்வும் சேர்ந்து 6 கோடி. லிஸ்ட் ஆகாத கம்பெனிக்கு மார்க்கெட் விலையை எங்கே போய்ப் பார்க்கறது?

அந்த 6 கோடி, பல ஆண்டுகளுக்கு முன் போட்ட முதலும் சேர்த்துவைத்த லாபமும். இன்று ஆலையை விற்றால் கிடைக்கும் தொகை அதுவல்ல. உங்கள் பணத்தின் எடையை இன்றைய மதிப்பில் போட வேண்டும், ஏனெனில் நீங்கள் விட்டுக்கொடுப்பது இன்றைய மதிப்பை.

பங்குச் சந்தை விலை இல்லாத இடத்தில் நடைமுறையில் இப்படிச் செய்யலாம். வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபத்தை மூன்று ஆண்டு சராசரியாக எடுங்கள். நமது ஆலைக்கு அது 3 கோடி. இதுபோன்ற ஆலைகள் கைமாறும்போது அந்த லாபத்தின் எத்தனை மடங்குக்குப் போகின்றன என்று விசாரியுங்கள். இங்கே 6 மடங்கு என்று கொள்வோம். மொத்த மதிப்பு 18 கோடி. அதில் வங்கிக் கடன் 8 கோடி போக, உரிமையாளர்களுக்கு 10 கோடி. ஆக E = 10, D = 8.

ஆலையின் சொந்த இடம் பைபாஸ் ஓரத்தில் இருந்து, நிலத்தின் விலையே ஆலையின் மதிப்பை மிஞ்சினால் அதை இந்தக் கணக்கோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். நிலம் தனி முதலீடு.

இயக்குநர் குடும்பம் வட்டியில்லாமல் போட்டிருக்கும் 1 கோடி ‘அன்செக்யூர்ட் லோன்’ தனிக் கவனம் கேட்கிறது. பேலன்ஸ் ஷீட்டில் அது கடன் பக்கம் இருக்கும். வட்டி பூஜ்ஜியம் என்பதால் பூஜ்ஜிய விலைக் கடனாக வாக்கில் நுழைந்துவிடும். வங்கிக் கடன் தீரும்வரை அதை எடுக்க மாட்டோம் என்று பெரும்பாலும் எழுதிக் கொடுத்திருப்பீர்கள். வங்கிக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் பணம் பங்குப் பணம்தான். மேலே சொன்ன 10 கோடிக்குள் அதுவும் அடக்கம்.

பீட்டான்னு ஒண்ணு சொல்றாங்களே, நெல் அரைக்கிற மில்லுக்கு அதை எங்கிருந்து எடுக்கறது?

பங்குப் பணத்தின் செலவுக்கு வழக்கமான சூத்திரம் இது: ஆபத்தில்லாத வட்டியோடு, பங்குச் சந்தை அதற்கு மேல் தர வேண்டிய கூடுதலை பீட்டாவால் பெருக்கிக் கூட்ட வேண்டும். ஆபத்தில்லாத வட்டிக்கு மத்திய அரசின் 10 ஆண்டுப் பத்திரத்தின் அன்றைய ஈட்டம். இங்கே 7% என்று வைக்கிறோம். சந்தைக் கூடுதலும் 7%.

பீட்டா என்பது சந்தை ஒரு சதவீதம் அசைந்தால் இந்தப் பங்கு எவ்வளவு அசைகிறது என்ற அளவு. உங்கள் பங்கு விற்பனையில் இல்லை, அதனால் லிஸ்ட் ஆன அரிசி, உணவு தானியக் கம்பெனிகளின் பீட்டாவைக் கடன் வாங்க வேண்டும். பாசுமதி பிராண்டு விற்கும் வட இந்தியக் கம்பெனியின் தொழில், டெல்டாவில் புழுங்கல் அரிசி அரைக்கும் தொழிலோடு முழுக்க ஒத்துப்போகாது. அதனால் ஒன்றை மட்டும் நம்பாமல் நாலைந்தின் நடு எண்ணை எடுங்கள். அவர்களின் கடன் பாரம் அந்த பீட்டாவில் கலந்திருக்கும். அதை நீக்கி, பிறகு உங்கள் கடன் பாரத்தை ஏற்ற வேண்டும். நீக்கிய பின் 0.8 வந்தது என்று வைத்துக்கொண்டால்:

```
βL = 0.8 × (1 + (1 − 0.25168) × 8/10) = 1.28
Re = 7 + 1.28 × 7 + 3 ≈ 19%
```

கடைசியில் இருக்கும் 3%, ஆலை சிறியது, பங்கை நினைத்தபோது விற்க முடியாது என்பதற்கான கூடுதல். அது கணக்கில் இருந்து வருவதில்லை, மதிப்பீடு. அதனால் 2-லும் 4-லும் வைத்துப் பார்த்து, முடிவு தலைகீழாகிறதா என்று சோதிப்பது நல்லது. மேட்டூர் திறக்காத ஆண்டுக்கென்று இதில் இன்னும் இரண்டு சதவீதம் ஏற்றும் பழக்கம் உண்டு. அதை இங்கே செய்ய வேண்டாம். அதற்கான இடம் கடைசிக் கேள்வியில் வருகிறது.

சரி, எல்லாத்தையும் சேர்த்தா எவ்வளவு வருது?

```
WACC = (10/18) × 19 + (8/18) × 7.48
     = 10.56 + 3.32 ≈ 13.9%
```

இதே ஆலைக்கு மார்ச் 31 பேலன்ஸ் ஷீட்டை அப்படியே எடுத்திருந்தால் பங்குப் பணம் 6 கோடி, கடன் 13 கோடி. வரி போகக் கடன் செலவு 7.34%. பங்குச் செலவை அதே 19% என்று வைத்தாலும் வாக் 11%-தான் வரும். இயக்குநர் போட்ட 1 கோடியைப் பூஜ்ஜிய விலைக் கடனாகச் சேர்த்தால் 10.5%.

டிரையரை இரண்டிலும் நிறுத்திப் பாருங்கள். 8 ஆண்டுக்கு ஆண்டுதோறும் 40 லட்சம் வருவதன் இன்றைய மதிப்பு 11%-இல் 205.8 லட்சம், போட்ட 200 லட்சத்துக்கு மேல் 5.8 லட்சம் மிச்சம். 13.9%-இல் அதே வரவின் மதிப்பு 186.2 லட்சம், 13.8 லட்சம் குறை. அதே இயந்திரம், அதே வரவு. எடை தவறாகப் போட்டதால் பதில் மாறிவிட்டது.

கடன்தான் 7.48%-ல கிடைக்குதே. கடனை இன்னும் கூட்டினா வாக் இறங்காதா?

ஓரளவுக்கு இறங்கும், பிறகு நின்றுவிடும். 18 கோடியில் கடனை 60%-க்கு ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். உரிமையாளரின் ஒவ்வொரு ரூபாய்க்கும் எதிரே இப்போது ஒன்றரை ரூபாய் கடன். நெல் விலை கொஞ்சம் சரிந்தாலும் முழு அடியும் சிறுத்துப்போன பங்குப் பணத்தின் மேல் விழும். அதே சூத்திரத்தில் பீட்டா 1.70 ஆகிறது, பங்குச் செலவு 21.9%. வங்கி பழைய வட்டியே வாங்கினால் வாக் 13.25% வரும்.

ஆனால் வங்கி பழைய வட்டி வாங்காது. கடன் விகிதம் கூடினால் வங்கி உங்களுக்குப் போடும் உள் ரேட்டிங் இறங்கும், அடிப்படை வட்டிக்கு மேல் அது வைக்கும் ஸ்பிரெட் ஏறும். சராசரி வட்டி 11.5% ஆனால் வரி போக 8.61%, வாக் மறுபடியும் 13.9%. கூடுதல் கடனால் கிடைத்த வரிச்சேமிப்பை ஸ்பிரெட் தின்றுவிட்டது. தை மாதத்தில் லிமிட் நிரம்பி நெல் வாங்க முடியாமல் போகும் ஆபத்து இந்த எண்ணில் இன்னும் சேரவில்லை.

டிரையருக்கு மட்டும் 75% கடன் கிடைக்கிறது, அதனால் டிரையருக்கு வாக் குறைவு என்பதும் இதே காரணத்தால் நிற்காது. டிரையருக்கு வாங்கிய கடன் ஆலையின் மொத்தக் கடன் வாங்கும் திறனில் இருந்து கழிந்தது. ஆலை நெடுங்காலம் வைத்திருக்க நினைக்கும் கடன் விகிதத்தைத்தான் எடையாகப் போட வேண்டும்.

வருஷ வரவு 40 லட்சத்துல டெர்ம் லோன் வட்டியைக் கழிக்கணுமா?

வேண்டாம். வட்டியின் செலவு ஏற்கெனவே 13.9%-க்குள் இருக்கிறது, வரவிலும் கழித்தால் இரண்டு முறை கழித்ததாகும். வரியைக் கணக்கிடும்போதும் வட்டியே இல்லாததுபோல் கணக்கிடுங்கள், தேய்மானத்தை மட்டும் கழித்துக்கொள்ளலாம். வட்டியால் வரும் வரிச்சேமிப்பு (1 − t) வழியாக உள்ளே வந்துவிட்டது.

எங்களோடது பார்ட்னர்ஷிப். முதலுக்கு 12% வட்டி எழுதறோம், அதையே பங்குச் செலவா வைக்கலாமா?

12% என்பது பங்குதாரரின் முதலுக்கு வரிக் கணக்கில் ஏற்கும் வட்டியின் உச்சவரம்பு. பணத்தின் ஆபத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பங்குச் செலவை மேலே சொன்னபடியே கணக்கிடுங்கள். வரி மட்டும் மாறும்: கூட்டு நிறுவனத்துக்கு 30%, செஸ் சேர்த்து 31.2%, ஆண்டு வருமானம் ஒரு கோடியைத் தாண்டினால் சர்சார்ஜும் உண்டு.

வேளாண் உள்கட்டமைப்பு நிதியில 3% வட்டி மானியம் கிடைக்கும்னா, வாக்கைக் குறைச்சுக்கலாமா?

குறைக்காதீர்கள். 2020-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் 2 கோடி வரையிலான கடனுக்கு அதிகபட்சம் 7 ஆண்டுகள் 3% மானியம். அது ஒரு கடனுக்கு, ஒரு காலத்துக்கு வரும் சலுகை. ஆலையின் மற்ற பணத்தின் விலையை அது மாற்றவில்லை. வாக்கில் கலந்துவிட்டால் மானியம் முடிந்த பிறகும் குறைந்த எண்ணே புழங்கும், அடுத்த இயந்திரத்துக்கும் அதையே போடுவார்கள்.

தனியாகக் கணக்கிடுவது எளிது. 1.5 கோடிக் கடனை 7 சம தவணையில் அடைத்தால் முதல் ஆண்டு மானியம் 4.5 லட்சம். அசல் குறையக் குறைய அதுவும் இறங்கி, ஏழு ஆண்டில் மொத்தம் 18 லட்சம். மானியம் வந்த அளவுக்கு வட்டிச் செலவு குறைவதால் வரி கூடும். அதையும் கழித்து, கடன் விலையான 10%-இல் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 10 லட்சத்துக்குச் சற்று மேல் நிற்கிறது. டிரையரின் குறை 13.8 லட்சம். மானியம் சேர்த்தும் சுமார் மூன்றரை லட்சம் குறை. டிரையர் திட்டத்தில் சேருமா என்று கடன் கேட்கும்போதே வங்கியில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்போ டிரையர் போடலாமா, கூடாதா?

13.9%-இல் 2 கோடியைத் திருப்பி எடுக்க ஆண்டுக்கு 43 லட்சம் வேண்டும். மானியம் உறுதியானால் 41 லட்சம் போதும். மதிப்பீட்டுக்கும் இதற்கும் இடைவெளி குறைவு. அதனால் இப்போது தோண்டிப் பார்க்க வேண்டியது 40 லட்சம் என்ற எண்ணை.

ஓடும் நாளுக்கு வரி போக 40,000 ரூபாய் என்றால் அது 100 நாள். குறுவை நெல் வடகிழக்குப் பருவமழையில் நனைந்து வரும்போது டிரையர் இரவு பகலாக ஓடும். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்த ஆண்டுக்கு 100 நாள் நியாயமான மதிப்பு. 2024-இல்போல ஜூலை 28-இல் திறந்தால் குறுவைப் பரப்பு சுருங்கும், ஓடும் நாளும் குறையும். எட்டில் இரண்டு ஆண்டு 70 நாள் என்று வைத்தால் சராசரி 92.5 நாள், வரவு 37 லட்சம். தண்ணீர் வராத ஆண்டை இப்படி வரவில் காட்டுவதே சரி. வாக்கில் இரண்டு சதவீதம் ஏற்றினால் எட்டு ஆண்டும் ஒரே மாதிரி தண்டிக்கப்படும், எந்த எண் முடிவைத் தீர்மானிக்கிறது என்பதும் மறைந்துபோகும்.

37 லட்சத்தில், மானியம் சேர்த்தும் பதினேழரை லட்சம் குறை. இந்த நிலையில் டிரையர் தேறாது. பக்கத்து ஆலைகளின் நெல்லைக் கூலிக்கு உலர்த்தி ஆண்டுக்கு இன்னும் பத்துப் பதினோரு நாள், அதே 40,000 வீதம் ஓட்ட முடிந்தால் சராசரி 103 நாளைத் தொடும், 41 லட்சமும் வரும். அந்தக் கூலி உலர்த்தலுக்கு எத்தனை ஆலைகள் உறுதியாக நெல் அனுப்பும் என்று கேட்டு எழுதிய பிறகு ஆர்டர் கொடுங்கள்.